இப்ன் அம்மும் நம்ம ஊர் கஸினும்

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் பெண் போன வாரம் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தாள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சர்வே கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் வளைகுடாவில் இதே சர்வே தொழிலில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்பது அவளுக்குத் தெரியும். அரபி எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்பதும் தெரியும்.

"மாமா, ஒரு மணி நேரம் ஒதுக்குங்க போதும். எல்லாம் முடிஞ்சாச்சு. நீங்க பாத்துட்டு சரின்னு சொன்னா, நாளைக்கு அனுப்பிடுவேன்" என்றாள்.

விஷயம் இதுதான். வளைகுடாவில் ஒரு வாடிக்கையாளர் குடும்பம், உடல்நலம் பற்றி ஒரு சர்வே நடத்துகிறார். கேள்வித்தாளின் மூலம் அரபி. ஆனால் அந்த நாட்டில் வசிப்பவர்களில் ஏராளமானவர்கள் இந்தியர், பிலிப்பைன்ஸ்காரர், இலங்கைக்காரர். அவர்களுக்காக அதே கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வேண்டும். மொழிபெயர்ப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் கேட்டிருந்த அத்தாட்சி, பேக் டிரான்ஸ்லேஷன். தமிழில் மீள்மொழிபெயர்ப்பு என்று சொல்லலாம்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் அரபியை ஆங்கிலமாக்குவார். அந்த ஆங்கிலத்தை மட்டும் இன்னொருவரிடம் கொடுப்பார்கள். அவர் மூல அரபியைக் கண்ணாலும் பார்த்திருக்கக் கூடாது. அவர் அந்த ஆங்கிலத்தை மறுபடி அரபியாக்குவார். பிறகு இரண்டு அரபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் நடுவில் உள்ள ஆங்கிலம் சரி என்று தீர்மானம். ஆங்கிலம் அவ்வளவாகப் பழக்கமில்லாத அரபு அதிகாரிகூடத் தன் மொழியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதில் உள்ள கவர்ச்சி.

"64 கேள்வி, மாமா. 61 அப்படியே பொருந்திடுத்து. மூணுதான் இடிக்கறது" என்றாள் பெருமையாக.

அந்த மூன்றை முதலில் பார்த்தோம். ஒன்றில், மூலத்தில் "கடந்த 12 மாதங்களில் மருத்துவமனையில் தங்கினீர்களா" என்று இருந்தது. திரும்பி வந்ததில் "கடந்த வருடம்" என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'லாஸ்ட் இயர்' என்று போட்டுவிட்டார்கள். இது நல்ல பிடிப்பு. இந்த மாதம் கேட்டால் 12 மாதம் என்பது போன வருஷம் இதே மாதத்திலிருந்து எண்ணுவது. 'லாஸ்ட் இயர்' என்றால் பாதிப்பேர் போன ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை எண்ணுவார்கள். இந்த வருஷம் படுத்தது கணக்கில் வராது.

இன்னொன்றில் பதில் பட்டியலில் ஒரு வரி விட்டுப் போயிருந்தது. அதுவும் நல்ல பிடிப்பு.

மூன்றாவது வெறும் பயமுறுத்தல். மூலத்தில் சர்க்கரை வியாதிக்கு 'சுக்கர்' என்று பேச்சுவழக்கில் போட்டிருந்தார்கள். அரபிக்காரர்களும் நம்மைப்போலத்தான், சர்க்கரை என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் டயபடீஸ் ஆகி, திரும்பும்போது வைத்தியப் புத்தகச் சொல்லாக வந்துவிட்டது. சொல் வேறு, வியாதி ஒன்றுதான். இந்த ஒரு சொல்லுக்காக ஆறு மின்னஞ்சல் போய் வந்திருந்தன.

விட்டுப்போனது, எண் மாறியது, காலம் மாறியது, 'இல்லை' என்பது காணாமல் போனது. இவற்றைப் பிடிக்க மீள்மொழிபெயர்ப்பு நல்ல வலை. அதை நான் மறுக்கவில்லை.

"சரி, இப்ப அந்த 61-ஐ எடு" என்றேன்.

"அது பொருந்திடுத்தே மாமா?"

"அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

இந்த இடத்தில் என் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைப்படும் கதை இல்லை.

1990களில் நான் ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் களக் கண்காணிப்பாளனாக இருந்தேன். இதே மாதிரிதான், அரபியில் மூலம், வெளிநாட்டவருக்கு ஆங்கிலம். அதில் திருமணமான பெண்களிடம் ஒரு கேள்வி: கணவர் உங்களுக்கு என்ன உறவு? மூலத்தில் மூன்று கட்டம். முதல் கட்டம் 'இப்ன் அம்', இரண்டாவது 'வேறு உறவு', மூன்றாவது 'உறவில்லை'.

அரபியில் அம் என்றால் அப்பாவின் சகோதரர். இப்ன் அம் என்றால் அவருடைய மகன், அதாவது நம் கணக்கில் பெரியப்பா பையன் அல்லது சித்தப்பா பையன். அம்மாவின் சகோதரர் 'கால்'. அத்தை 'அம்மா', சித்தி பெரியம்மா 'காலா'. இந்த விஷயத்தில் அரபியும் தமிழும் சிக்கனம் பார்க்காத மொழிகள். நான்கு பக்கத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அரபு நாடுகளில் அப்பாவழிச் சகோதரர் மகனுக்குப் பெண் கொடுப்பதுதான் பரம்பரையாக விரும்பப்பட்ட சம்பந்தம். அதனால்தான் அதற்கு மட்டும் தனிக் கட்டம் போட்டிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் என்ன ஆயிற்று? 'கஸின்'. வேறு என்ன போடுவார், பாவம். திரும்ப அரபியாக்கியவர் கஸினைப் பார்த்ததும் என்ன போட்டார்? 'இப்ன் அம்'. ஆங்கில அரபி அகராதிகளில் கஸினுக்கு முதலில் வருவதே அதுதான். இரண்டு அரபியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒப்பிட்டுப் பார்த்தவர் டிக் போட்டார். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பிறகு களத்துக்குப் போனோம். ஒரு வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கேயே தமிழாக்கிக் கேட்டேன். அப்படித்தான் எல்லோரும் செய்தோம்.

"சொந்தந்தான் அண்ணாச்சி. எங்க மாமா மகன்" என்றார். கஸின் என்று டிக் போட்டேன். அதாவது, அந்தத் தாள் அலுவலகத்துக்குப் போனதும், அவர் சித்தப்பா பையனைக் கட்டிக்கொண்டதாகக் கணக்கில் ஏறும். கேட்டால் அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். சித்தப்பா பையன் அவருக்கு அண்ணன் தம்பி முறை!

அடுத்த தெருவில் ஒரு பெண் சொந்தத் தாய்மாமனையே மணந்தவர். அந்தத் தாளில் அதற்குக் கட்டமே இல்லை. இஸ்லாமியச் சட்டத்தில் மாமன், மருமகள் திருமணம் கூடாது என்பதால் மூலத்தை எழுதியவருக்கு அப்படி ஒரு பதில் வரும் என்றே தோன்றியிருக்காது. 'வேறு உறவு' என்று போட்டேன். தூரத்து உறவில் மணந்தவர்களும் அதே கட்டத்தில்தான்.

இதனால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். அந்தக் கேள்வியே குழந்தைகளின் பரம்பரை நோய்களை ஆராய்வதற்காகக் கேட்கப்பட்டது. மரபணுக் கணக்கில், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி, யாருடைய பிள்ளையானாலும் நெருக்கம் ஒன்றுதான். பிறக்கும் குழந்தைக்கு ஒரே மூதாதையரின் ஒரே மரபணு இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு 16-ல் 1 பங்கு. தாய்மாமன் திருமணத்தில் அது 8-ல் 1, இரண்டு மடங்கு. எங்கள் பட்டியலில் அந்த இரண்டு மடங்குக்காரர்கள் தூரத்து உறவோடு போய்ச் சேர்ந்தார்கள். அரபித் தாளிலோ மாமா பையன் 'வேறு உறவு', ஆங்கிலத் தாளில் அதே மாமா பையன் முதல் கட்டம். இரண்டு தாளின் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் கூட்டி அச்சிட்டார்கள். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

களத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது என்பதுதான் உறுத்தல். அலுவலகத்தில் சொன்னேன். "பேக் டிரான்ஸ்லேஷன் பொருந்தியிருக்கிறதே, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

பொருந்துவதே ஆபத்தாகும் இந்த விந்தை ஒன்றும் புதிதல்ல. இந்த முறையைப் பிரபலப்படுத்தியவர் ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற அமெரிக்க உளவியலாளர். குவாம் தீவில் 10 மொழிகளைச் சேர்ந்த, ஆங்கிலமும் தெரிந்த 94 பேரை வைத்துப் பரிசோதித்து, 1970-ல் கட்டுரை எழுதினார். முறையைக் கொடுத்தவரே அதன் ஓட்டைகளையும் சொல்லிவிட்டார். இரு மொழியும் தெரிந்தவர்களுக்குள் சில சொற்களுக்கு ஒரு ரகசிய ஒப்பந்தம் மாதிரி இருக்கும். பொருள் ஒன்றாக இல்லாவிட்டாலும் இதற்கு அது என்று போட்டுக்கொள்வார்கள். கஸினும் இப்ன் அம்மும் அந்த வகை. இரண்டாவது, திரும்ப மொழிபெயர்ப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் நடுவில் உள்ள மோசமான மொழிபெயர்ப்பையும் ஊகித்து, அழகாகச் செப்பனிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். மூன்றாவது, முதலில் மொழிபெயர்த்தவர் மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே விட்டுவைத்தால், திரும்பப் போவது சுலபம். கோணல் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்குப் பொருத்தமும் அதிகம்!

இதையெல்லாம் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் வாடிற்று. ஆனால் காகிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. 61-ஐயும் பார்க்க ஆரம்பித்தோம். அரபியை நான் படிக்க, ஆங்கிலத்தை அவள் படிக்க, இதைக் கேட்டால் நம் ஊர்க்காரர் என்ன சொல்வார் என்று இருவரும் யோசித்தோம்.

ஐந்தாவது கேள்வியிலேயே நின்றோம். "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" மூலத்தில் 'உஸ்ரா'. புள்ளிவிவரக்காரர்கள் அந்தச் சொல்லைப் போட்டால், ஒரே வீட்டில் வசித்து ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'ஃபேமிலி' என்று போட்டிருந்தது. திரும்பினால் உஸ்ரா. கனப் பொருத்தம். ஆனால் அங்கே ஒரு அறையில் எட்டுப் பேர், முறை வைத்துச் சமையல், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் என்று வாழும் ராமநாதபுரத்துப் பையனிடம் ஃபேமிலியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். "அம்மா, சம்சாரம், ரெண்டு புள்ளைங்க" என்பான். ஊரில் இருக்கும் நாலு பேரும் அந்த நாட்டின் வீட்டுக் கணக்கில் ஏறுவார்கள். அறையில் உள்ள ஏழு பேர் எங்கும் இருக்கமாட்டார்கள். 'ஹவுஸ்ஹோல்ட்' என்று போட்டு, 'இந்த வீட்டில் தங்கி, சேர்ந்து சாப்பிடுபவர்கள்' என்று பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் எழுதினால்தான் சரி.

அடுத்தது இன்னும் சாதாரணமாகத் தெரிந்தது. 'டூ யூ சஃபர் ஃப்ரம் டயபடீஸ்?' அரபியில் வியாதி இருக்கிறதா என்று கேட்க, அவதிப்படுகிறீர்களா என்ற வினைச்சொல்லைத்தான் வழக்கமாகப் போடுவார்கள். அங்கே அது வெறும் மரியாதையான வழக்கு, யாரும் அதை அவதி என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் 'சஃபர்' ஆகி, திரும்ப அதே அரபி வினைச்சொல்லாக வந்துவிட்டது.

"இதுல என்ன மாமா தப்பு?" என்றாள்.

"வா, கீழே போய்க் கேட்டுப் பாக்கலாம்."

தரைத்தளத்து மாமி இருபது வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆங்கிலப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வியை எழுதியிருப்பது எழுதியிருப்பபடியே இந்தப் பெண் படித்தாள்.

"நோ, நாட் அட் ஆல்" என்றார் மாமி. "சஃபர் எல்லாம் இல்லைடி. ஹெச்பிஏஒன்சி 6.8. கண்ட்ரோல்ல இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே வந்ததும் அவளே 'டாக்டர் எப்போதாவது உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொன்னாரா?' என்று மாற்றி எழுதினாள். இதை அரபியாக்கினால் மூலத்தோடு பொருந்தாது. பொருந்தாத இந்த வாக்கியம்தான் சரியான மொழிபெயர்ப்பு.

கேள்வித்தாளின் சோதனை காகிதத்துக்கும் காகிதத்துக்கும் நடுவில் நடப்பதல்ல, கேட்கப்படும் ஆளிடம் நடப்பது என்பது என் கட்சி. மீள்மொழிபெயர்ப்பில் கலந்துகொள்ளும் எல்லோரும் இரு மொழி தெரிந்தவர்கள். கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறவருக்கோ பெரும்பாலும் அதில் ஒன்றுதான் தெரியும். அவர் அந்தச் சுற்றில் எங்குமே வருவதில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளை 15 மையங்களில் தயாரித்தது. நம் சென்னையும் அதில் ஒன்று. அங்கே ஒரே மொழி மட்டும் தெரிந்தவர்கள் குழு ஒன்றை உட்கார வைத்து மொழிபெயர்ப்பைப் பார்க்கச் செய்தார்கள். அதற்கு அப்புறம்தான் மீள்மொழிபெயர்ப்பு. 2002 முதல் பல நாடுகளில் நடந்துவரும் ஐரோப்பிய சமூக ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், மீள்மொழிபெயர்ப்பையே விட்டுவிட்டது. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். விஷயம் தெரிந்த மூன்றாமவரோடு உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். பிறகு ஆட்களிடம் கேட்டுப் பார்ப்பார்கள். எதற்காக எதை மாற்றினோம் என்பதையும் எழுதி வைப்பார்கள்.

நான் அந்த அளவு போகமாட்டேன். மொழி தெரியாத வாடிக்கையாளருக்கு ஏதோ ஒரு பிடி வேண்டும். விட்டுப்போனதும் எண் மாறியதும் கண்ணில் படவும் வேண்டும். மீள்மொழிபெயர்ப்பு இருக்கட்டும். ஆனால் அது முதல் சல்லடை. அதில் தங்குவதைத் திருத்திவிட்டு, அதில் விழுந்ததை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். உறவு, வீடு, வியாதி, வருமானம், வேலை என்று ஊருக்கு ஊர் மாறும் விஷயங்கள் வரும் கேள்விகளில், பொருத்தம் இருந்தால் இரட்டைச் சந்தேகம் வேண்டும். அந்தக் கேள்விகளைப் பதில் சொல்லப் போகிறவர்களைப் போன்ற ஏழெட்டுப் பேரிடம் கேட்டு, "இதை நீங்க என்னன்னு புரிஞ்சுண்டேள்?" என்று திருப்பிக் கேட்டால் போதும். ஒரு நாள் வேலை. சல்லடைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

உறவுக் கேள்வி இந்தத் தாளிலும் இருந்தது. முப்பது வருஷம் ஆகியும் அதே கஸின்! நம் தேசியக் குடும்ப நல ஆய்வின் தாளை எடுத்துக் காட்டினேன். அதில் அப்பா வழி கஸின், அம்மா வழி கஸின், தாய்மாமன் என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். அவள் ஒரு படி மேலே போய் நான்கு பக்கத்துக்கும் நான்கு கட்டம், தாய்மாமனுக்கு ஐந்தாவது என்று எழுதினாள்.

"ஆனா மாமா, மூலத்துல மூணு கட்டம்தானே இருக்கு? அரபியையே மாத்தச் சொல்லணுமே. நான் யாரு அவங்களை மாத்தச் சொல்ல?"

அதுதான் உண்மையான சிக்கல். சில தவறுகள் மொழிபெயர்ப்பில் இல்லை, மூலத்தில் இருக்கின்றன. ஒரே வகை மனிதர்களை மனதில் வைத்து எழுதிய கேள்வியை எப்படி மொழிபெயர்த்தாலும் மற்றவருக்குப் பொருந்தாது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே. இரண்டு பக்கமும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தானே.

அவள் மறுநாள் அனுப்பவில்லை. நான்கு கேள்விகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதி, இரண்டு நாள் கழித்து அனுப்பினாள். மேலதிகாரியிடம் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். நேற்று மாலை மாடிப்படியில் பார்த்தபோது, பதில் வந்துவிட்டது என்றாள். ஹவுஸ்ஹோல்டையும் டாக்டர் கேள்வியையும் ஏற்றுக்கொண்டார்கள். உறவுக் கேள்வியில் அரபித் தாளிலும் கட்டங்களைப் பிரிக்கச் சம்மதம். தாய்மாமன் கட்டம் ஆங்கிலத் தாளில் மட்டும். மாமி சொன்ன 'நாட் அட் ஆல்' பதிலை அப்படியே குறிப்பில் எழுதியிருந்தாளாம். அதுதான் அவர்களை அசைத்தது போலிருக்கிறது.

கடைசியில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். மாமியின் பெயரையும் சேர்த்துப் போடுவதானால் சரி என்றேன்.